போய்வந்த பிறகுதான் பணம்

வெளிநாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்த ஆய்வு மாணவிக்கு முதலில் மகிழ்ச்சி வரும். அடுத்த நாளே கணக்கு தொடங்கிவிடும். பயண உதவித்தொகை கிடைத்தால் கவலையில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தத் தொகை எதற்கெல்லாம், எவ்வளவு வரை, எப்போது கைக்கு வரும் என்ற மூன்றையும் விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் அறிவியல் மாணவர்கள் அதிகம் நாடும் திட்டம், அறிவியல் மற்றும் பொறியியல் ஆய்வு வாரியம் நடத்திவந்த சர்வதேசப் பயண உதவி. 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்த வாரியம் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குள் அடங்கிவிட்டது. குறுகிய வழியில் எகானமி வகுப்பு விமானக் கட்டணம், விமான நிலைய வரி, விசா கட்டணம், இளம் ஆய்வாளர்களுக்குப் பதிவுக் கட்டணம் ஆகியவை இத்திட்டத்தில் அடங்கும். தங்குமிடமும் சாப்பாடும் இதில் சேராது.

வியன்னாவில் ஐந்து நாள் கருத்தரங்குக்குச் சென்னையிலிருந்து ஒரு மாணவி போவதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், ஒரு யூரோ நூறு ரூபாய் என்று எடுத்துக்கொள்ளலாம். விமான டிக்கெட் 72,000 ரூபாய். மாணவர் பதிவுக் கட்டணம் 350 யூரோ, அதாவது 35,000. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, 9,000. இவை மூன்றும் சேர்த்து 1,16,000. இது திரும்பி வரும் பணம். அறைக்கு 30,000, சாப்பாட்டுக்கும் மெட்ரோவுக்கும் 12,000, பயணக் காப்பீட்டுக்கு 2,000, விசா மையத்தின் சேவைக் கட்டணம் 2,000 என்று இன்னும் 46,000 இருக்கிறது. இது அவர் வேறெங்காவது தேட வேண்டிய பணம். பதிவுக் கட்டணத்தை இந்திய கிரெடிட் கார்டில் கட்டினால், வங்கி 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் போடுவதாகக் கொண்டால், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து சுமார் 1,400 ரூபாய் கூடும். ரசீதில் 350 யூரோ என்றுதான் இருக்கும். கார்டிலிருந்து போன ரூபாயைக் காட்ட வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணைக்க வேண்டும்.

ஆக, கிடைக்கும் தொகை 1,16,000 என்றாலும், கிளம்பும் முன்பும் போன இடத்திலும் கையில் இருக்க வேண்டியது 1,63,000. திரும்பி வந்து பில் கொடுத்து, அது சரிபார்க்கப்பட்டு, பணம் கணக்கில் ஏற மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்தப் பணம் யாருடையது? அப்பா வாங்கிய கடனா, அண்ணனின் கார்டா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஏழை மாணவருக்கு இந்த விதிமுறையில் மிகக் கடினமான இடம் இதுதான். ஆகவே முன்பணம் கிடைக்குமா என்று தன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. நெறியாளரின் ஆய்வுத் திட்ட நிதியில் இடமிருக்கிறதா என்றும் கேட்கலாம்.

டிக்கெட் வாங்குவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஏர் இந்தியா தனியார் கைக்குப் போன பிறகு, அரசுச் செலவில் பறப்போர் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று முகவர்களிடம் மட்டுமே டிக்கெட் வாங்க வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் சொல்லிவிட்டது. 2022 ஜூன் உத்தரவின்படி 21 நாட்களுக்கு முன்பே பதிவு செய்து, அந்த நேரத்தில் கிடைக்கும் குறைந்த கட்டணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு இணையதளத்தில் ஐயாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்ததே என்று அங்கே வாங்கினால், மிச்சம் பிடித்ததாகத் தோன்றும், பில்லே நிராகரிக்கப்படலாம்.

கருத்தரங்கு முடிந்ததும் இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப நினைப்பவர், கருத்தரங்குத் தேதிகளுக்கான கட்டணத்தை டிக்கெட் எடுக்கும் அன்றே முகவரிடம் அச்சிட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் குறைந்த கட்டணம்தான் தனக்குக் கிடைக்கும் என்று வைத்தே திட்டமிடுவது பாதுகாப்பானது.

பிறகு போர்டிங் பாஸ். சென்னையிலிருந்து தோஹா வழியாக வியன்னா போய்வந்தால் நான்கு இருக்கும். மொபைலில் மட்டும் வைத்திருந்தால், விமானம் இறங்கிய பிறகு அது செயலியிலிருந்து மறைந்துவிடக்கூடும். கவுன்டரில் அட்டையாகவே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஏறும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மின்னஞ்சலில் தனக்கே அனுப்பிக்கொள்ளலாம். தொலைந்துபோனால் பயணம் செய்ததற்கான சான்றிதழை விமான நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம், ஆனால் அதற்கு அலைய வேண்டிவரும்.

பதிவுக் கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'உங்கள் பதிவு உறுதியானது' என்று வரும் மின்னஞ்சலை ரசீதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர், தொகை, கட்டிய தேதி, பணம் செலுத்தப்பட்டது என்ற குறிப்பு ஆகியவை உள்ள ரசீதை ஏற்பாட்டாளரிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். விருந்துக்கும் சுற்றுலாவுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டியிருந்தால், பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். கருத்தரங்கு நடக்கும்போதே, பதிவு மேசையில் ஆட்கள் இருக்கும்போதே, பங்கேற்புச் சான்றிதழோடு இதையும் வாங்கிவிட்டால், ஊர் திரும்பிய பிறகு பதில் வராத மின்னஞ்சலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்காது.