‘பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல்’ என்றால் என்ன? பனியன் கம்பெனி தொழிலாளிக்குப் புரியும்படி புகார் கொள்கையை எழுதுவது எப்படி?

ஆடிட் வருவதற்கு முன் ஓவர்டைம் கணக்கை மாற்றி எழுதுகிறார்கள். சாயக் கழிவு ராத்திரியில் ஓடையில் போகிறது. கம்பெனிக்குள் இதைப் பார்க்கும் தொழிலாளி யாரிடம் சொல்வது? பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இதற்கென எழுத்துப்பூர்வ கொள்கை இருக்கிறது. ஆனால் அதைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-வது பிரிவுப்படி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ‘விஜில் மெக்கானிசம்’ எனும் புகார் முறையை வைக்க வேண்டும். மக்களிடம் டெபாசிட் வாங்கும் நிறுவனங்களுக்கும், வங்கிகள், பொது நிதி நிறுவனங்களில் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பெற்ற நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் பாதுகாக்க வேண்டும். தேவைப்பட்டால் அவர் தணிக்கைக் குழுத் தலைவரிடம் நேரடியாகப் போகவும் வழி இருக்க வேண்டும்.

இந்த வரம்புக்குள் வராத சிறிய யூனிட்டுகளையும், தனிநபர், பார்ட்னர்ஷிப் நிறுவனங்களையும் இந்தப் பிரிவு கட்டாயப்படுத்தாது. அவர்களிடம் புகார் முறை கேட்பது பெரும்பாலும் வெளிநாட்டு பையர்களின் நடத்தை விதிதான்.

பழைய வாசகம் எப்படி இருக்கும்?

வழக்கமான கொள்கைகள் ஏறக்குறைய இந்த நடையில்தான் இருக்கும்: “நன்னம்பிக்கையில் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தலைச் செய்யும் எவரும் பாதகமான நடவடிக்கைக்கு உட்படுத்தப்படமாட்டார், வெளிப்படுத்தல்கள் உரிய அதிகாரிக்கு முகவரியிடப்பட வேண்டும்.”

யார் அந்த ‘உரிய அதிகாரி’? ‘பாதகமான நடவடிக்கை’ என்றால் வேலையை விட்டு நிறுத்துவது மட்டும்தானா? தொழிலாளிக்கு வரும் இந்தக் கேள்விகளுக்கு இதில் பதில் இல்லை.

மாற்றி எழுதினால்?

“கம்பெனியில் தப்பு நடப்பதைப் பார்த்தால் நீங்கள் சொல்லலாம். உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டியதில்லை. உண்மை என்று நம்பிச் சொன்னால் போதும். ஹெச்.ஆர். மேனேஜரிடம் நேரில், போனில் அல்லது கடிதத்தில் சொல்லலாம். புகார் அவர் மேலேயே என்றால், அல்லது அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தணிக்கைக் குழுத் தலைவரிடம் நேரடியாகச் சொல்லலாம். இருவரின் போன் நம்பரும் கீழே உள்ளது. புகார் வந்து சேர்ந்ததை 7 நாளில் உங்களுக்குச் சொல்வோம். புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்துவது, ஓவர்டைம் தராமல் இருப்பது, பீஸ் ரேட் குறைந்த வேலைக்கு மாற்றுவது, ஷிஃப்டை மாற்றுவது எல்லாமே பழிவாங்கல்தான். அப்படி நடந்தால் உடனே தணிக்கைக் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள்.”

இதில் 7 நாள் என்பது சட்டம் சொன்ன கெடு அல்ல. கம்பெனி தானே தரும் வாக்கு. காப்பாற்ற முடிகிற கெடுவை மட்டும்தான் எழுத வேண்டும்.

பழிவாங்கலைப் பட்டியல் போடுவது ஏன்?

பீஸ் ரேட்டில் வேலை செய்கிற டைலரை யாரும் வேலையை விட்டு அனுப்பத் தேவையில்லை. கஷ்டமான பீஸ் கொடுத்தாலே வாரக் கூலி குறைந்துவிடும். வாசகத்தில் அதைப் பெயர் சொல்லி எழுதாவிட்டால், “நாங்க யாரையும் நிறுத்தலையே” என்று நிர்வாகம் சொல்லிவிடலாம்.

பெயர் வெளியே தெரியுமா?

இங்கேதான் பல கொள்கைகள் தவறான நம்பிக்கை கொடுக்கின்றன. பெயரே சொல்லாமல் புகார் செய்வது வேறு. சொன்ன பெயரை விசாரிப்பவர் ரகசியமாக வைப்பது வேறு. 30 பேர் இருக்கும் லைனில் “மூன்றாவது மெஷின் பக்கத்தில் நடந்தது” என்று விசாரித்தால், யார் சொன்னது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் “முழு ரகசியம்” என்று எழுதக் கூடாது. “உங்கள் பெயரை விசாரிப்பவர்களைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டோம். ஆனால் சம்பவத்தை வைத்து மற்றவர்கள் ஊகிக்கலாம்” என்பதே நேர்மையான வாசகம்.

வாசகம் மட்டும் போதுமா?

போதாது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் திண்டுக்கல் ஆலையான நாச்சி அப்பேரலில் வேலை செய்த ஒரு பெண், 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். இதைத் தொடர்ந்து 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமான டி.டி.சி.யு.வும் நிறுவனமும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ போட்டன. அதன்படி, 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், பயிற்சி பெற்ற சக தொழிலாளர்கள் தளத்திலேயே புகார்களைக் கவனித்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை இருந்தது. முதல் ஆண்டு அறிக்கைப்படி, வந்த 185 புகார்களில் 182 தீர்க்கப்பட்டன. பக்கத்தில் நிற்கும் தெரிந்த ஆளிடமே சொல்ல முடிந்தது இங்கே முக்கியமான வித்தியாசம்.

பாலியல் தொந்தரவு என்றால்?

அதற்கு வழி தனி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். பொதுவாக சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். சிறிய யூனிட் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். புகார் கொள்கையில் இதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்?

கட்டிங், தையல், செக்கிங் பிரிவுகளில் ஐந்து பேரிடம் வாசகத்தைக் கொடுத்து, “சூப்பர்வைசர் மேலேயே புகார்னா யார்கிட்ட போவீங்க?” என்று கேட்டால் போதும். பதில் தடுமாறினால் அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் யூனிட்டில் இதே சோதனையை இந்தியிலும் ஒடியாவிலும் செய்ய வேண்டும்.