நீங்கள் இங்கே, பட்டம் அங்கே

பட்டமளிப்பு விழாவுக்குப் போகாதவருக்கும் பட்டம் உண்டு. விழா மேடையில் வேந்தரோ துணைவேந்தரோ பட்டம் வழங்கும்போது, நேரில் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் சேர்த்தேதான் வழங்கப்படுகிறது. வராதவர்களை ‘இன் ஆப்சென்ஷியா’ பட்டியல் என்பார்கள். ஆகவே பட்டம் போய்விடாது. அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, அதை யார் கையில் கொடுப்பார்கள் என்பதுதான் கேள்வி.

வளைகுடாவுக்கு வந்த நம் பிள்ளைகளில் பலர் புரொவிஷனல் சான்றிதழோடு விமானம் ஏறியவர்கள். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு வேலை கிடைத்திருக்கும். ‘ஒரிஜினலை ஊருக்குப் போறப்ப வாங்கிக்கலாம்’ என்று வருடங்கள் ஓடிவிடும். பிறகு ஒருநாள் கம்பெனி ஹெச்.ஆர். ‘அட்டெஸ்ட் பண்ணின டிகிரி வேணும்’ என்று கேட்கும்போதுதான் ஞாபகம் வரும். புரொவிஷனலை வைத்து அந்த வேலை நடக்காது.

என் அக்கா மகனுக்கு இது நடந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். முடித்தவன். துபாயில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். நல்ல சம்பளத்தில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. இரண்டு மாதத்துக்குள் அட்டெஸ்ட் செய்த பட்டம் தர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆள். லீவு எடுத்து ஊருக்குப் போகப் பழைய கம்பெனி விடாது. “சித்தி, அம்மா போயி வாங்க முடியுமா?” என்று எனக்குப் போன் செய்தான்.

முதலில், சான்றிதழ் எங்கே?

தமிழ்நாட்டில் இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அலைவார்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஆனால் இணைப்புக் கல்லூரி மாணவர்களின் சான்றிதழ்கள் பொதுவாகக் கட்டாகக் கல்லூரிக்கே அனுப்பப்படும். கல்லூரி ஒரு பட்டமளிப்பு நாள் நடத்திக் கொடுக்கும். வராதவர்களின் சான்றிதழ் அலுவலக பீரோவில் இருக்கும். தபாலில் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு, விண்ணப்பத்தில் எழுதிய முகவரிக்குப் போகும். அந்த வீட்டைக் காலி செய்திருந்தால் உறை திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் கிடக்கும். தொலைநிலைக் கல்வியில் படித்தவர்கள் நேரே பல்கலைக்கழகத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே யாரையும் பஸ் ஏற்றி அனுப்பும் முன் ஒரு போன். பதிவு எண், படிப்பு, தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும் சொல்லிக் கேளுங்கள்: சான்றிதழ் வந்துவிட்டதா, பட்டமளிப்புக் கட்டணம் பாக்கி இருக்கிறதா, ஆள் மூலம் வாங்க என்னென்ன வேண்டும்? கட்டணமே கட்டாதவருக்குச் சான்றிதழ் அச்சாகியே இருக்காது. அவர் அடுத்த விழாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்ச்சிக்குத் தகுதியான நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008 விதி சொல்கிறது. ஆனால் விண்ணப்பமே போடாதவர் அந்த விதியைக் காட்டி எதுவும் கேட்க முடியாது.

எங்கள் பையனுக்கு நல்லவேளை, பரீட்சைக் கட்டணத்தோடு அதையும் கட்டியிருந்தான். சான்றிதழ் கல்லூரி பீரோவில்தான் இருந்தது.

வாட்ஸ்அப் கடிதம் ஏன் செல்லாது?

அவன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். அக்கா அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: “நீங்க அவங்க அம்மாதான்னு ஆதார்ல தெரியுதும்மா. ஆனா இந்தக் கையெழுத்து உங்க பையனோடதுன்னு எனக்கு யார் சொல்றது?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பட்டச் சான்றிதழை ஒருமுறைதான் தருவார்கள். தொலைந்தால் நகல் சான்றிதழ் வாங்கப் போலீஸ் புகாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தவறான கையில் போனால் கையெழுத்து வாங்கிக் கொடுத்த ஊழியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவருக்கு மூன்று விஷயம் நிரூபணமாக வேண்டும்: பட்டதாரி யார், கையெழுத்து அவருடையதுதானா, எதிரே நிற்பவர் கடிதத்தில் இருப்பவர்தானா. முதலாவதற்குப் பாஸ்போர்ட் நகலும் மதிப்பெண் பட்டியல் நகலும் போதும். மூன்றாவதற்கு வந்தவரின் ஆதார் அசல் போதும். நடுவில் உள்ள இரண்டாவதற்குத்தான் கான்சுலேட் முத்திரை.

வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகமும் கான்சுலேட்டும் இந்தியக் குடிமகனின் கையெழுத்தைச் சான்றளித்துத் தருகின்றன. கடிதத்தை எழுதி எடுத்துப் போங்கள், ஆனால் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு விடாதீர்கள். அதிகாரியின் முன்னால் போட வேண்டும். அவர் சான்றளிப்பது அதைத்தான். பாஸ்போர்ட் அசல் கையில் இருக்க வேண்டும். குடியுரிமை மாறியவர்கள், உதாரணமாக பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு அந்த நாட்டின் அப்போஸ்டில் வாங்கி அனுப்பலாம்.

பவர் ஆஃப் அட்டர்னி வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஒரு சான்றிதழை வாங்க அது பொதுவாகத் தேவையில்லை, அதிகாரக் கடிதம் போதும். அலுவலகம் கட்டாயம் கேட்டால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டில் கையெழுத்தான பவர், இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தாள் கட்டணம் கட்டப்பட வேண்டும். அதை மறந்தால் அந்தப் பத்திரத்தோடு இன்னொரு அலைச்சல்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும். அதன் பொருள் இவ்வளவுதான்: ‘இந்தப் பதிவு எண்ணில், இந்தக் கல்லூரியில், இந்தப் பட்டப்படிப்பை, இந்த மாதம் இந்த வருடம் முடித்த நான், இந்த எண் பாஸ்போர்ட் உள்ளவன். வெளிநாட்டில் வேலையில் இருப்பதால் நேரில் வர இயலவில்லை. என் பட்டச் சான்றிதழின் அசலை, இந்த ஆதார் எண் கொண்ட, கீழே மாதிரிக் கையெழுத்து உள்ள என் தாயாரிடம் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவர் பெற்றுக்கொண்டால் நானே பெற்றதாகும்.’

இதில் சிக்குவது பெயர். நம் ஊர்ச் சான்றிதழில் பெயரோடு ஒரு முன்னெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பீரோவில் தேடுபவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. அதனால் கடிதத்தில் இரண்டு வடிவத்தையும் எழுதி, இரண்டும் நானே என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். எங்கள் பையன் கடிதத்தில் அதைச் சேர்த்தோம். முன்னெழுத்து எந்தப் பெயரைக் குறிக்கிறது என்பதையும் எழுதினோம். மாதிரிக் கையெழுத்தை மட்டும் அக்கா, கடிதம் ஊர் போய்ச் சேர்ந்ததும், அலுவலகத்தில் வைத்தே போட்டார்.

கவுண்டரில் ஐந்து நிமிடம்

கூரியரில் கடிதத்தின் அசல் நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது. அக்கா கையில் கடிதம், அவன் பாஸ்போர்ட் நகல், தன் ஆதார் அசலும் நகலும், அவனுடைய புரொவிஷனல், எல்லா மதிப்பெண் பட்டியல்களின் நகல். சில இடங்களில் புரொவிஷனலைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதனால் முன்பே நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் சான்றிதழைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். பெயர், முன்னெழுத்து, பதிவு எண், பட்டத்தின் பெயர், பாடம், வகுப்பு, தேர்ச்சி மாதமும் வருடமும்: ஒவ்வொன்றையும் மதிப்பெண் பட்டியலோடு வைத்துப் பார்க்க வேண்டும். நம் பல்கலைக்கழகச் சான்றிதழ்கள் பல தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அவன் பெயர் ஆங்கிலத்தில் சரியாக இருந்தது. தமிழில் ‘ல’ வர வேண்டிய இடத்தில் ‘ள’.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருந்தது. திருத்தம் வேண்டுமென்றால் அசலை ஒப்படைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அட்டெஸ்டேஷனுக்குப் பிறகு திருத்தினால், முத்திரை குத்திய அசல் போய், புதுச் சான்றிதழுக்கு எல்லா முத்திரையும் மறுபடி. வெளிநாட்டில் பார்ப்பது ஆங்கிலப் பெயரைத்தான். அவன் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஆங்கிலத்திலோ பதிவு எண்ணிலோ பிழை இருந்திருந்தால் வேறு வழியே கிடையாது, அன்றே திருத்த விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்க வேண்டும்.

அக்கா அடுத்து செய்யவிருந்தது லேமினேஷன். “அழுக்காயிருமேன்னு பாத்தேன்” என்றார். வேண்டவே வேண்டாம். அட்டெஸ்டேஷன் முத்திரைகளும் ஒட்டுவில்லைகளும் அந்தக் காகிதத்தின் பின்பக்கம்தான் விழும். பிளாஸ்டிக் ஒட்டியதைத் திருப்பி அனுப்பி விடுவார்கள். பிரித்தால் மை உரியும். ஒரு கெட்டி ஃபைல் போதும்.

அதற்கப்புறம் காகிதம் போகும் வழி

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் சான்றிதழ் படிப்படியாகப் போக வேண்டும்: மாநில அரசின் உயர்கல்வித் துறை, டெல்லி வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள எமிரேட்ஸ் தூதரகம், கடைசியில் இங்கே உள்ள வெளியுறவு அமைச்சகம். முதல் படிக்கு முன் பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று கேட்கப்படுவதும் உண்டு. ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர், 2024 ஜனவரி முதல் கனடா ஆகியவை ஒப்பந்தத்தில் உள்ளன. அந்த நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வாங்கினால் தூதரகப் படி தேவைப்படாது.

டிஜிலாக்கரில் பட்டம் தெரிகிறதே என்று கேட்பவர்களுக்கு: பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த எண்ணில் எந்தப் பெயரில் அச்சாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும். ஆனால் இந்த முத்திரைகள் விழ காகிதம் வேண்டும்.

எங்கள் கணக்கு இப்படி: விசாரிக்கவும் கான்சுலேட்டுக்கு நாள் வாங்கவும் ஒன்றரை வாரம், கூரியரும் கல்லூரியும் ஒரு வாரம், அட்டெஸ்டேஷன் நாலரை வாரம். மொத்தம் ஏழு வாரம். கம்பெனி கொடுத்த இரண்டு மாதத்தில் ஒரு வாரம்போல மிச்சம். அதிகாரக் கடிதத்தை வேலை கிடைத்த பிறகு எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. அடுத்த முறை பாஸ்போர்ட் வேலையாகக் கான்சுலேட் பக்கம் போகும்போதே அதையும் முடித்து ஊருக்கு அனுப்பிவிட்டால், அந்த முதல் இரண்டரை வாரம் உங்களுக்கு மிச்சம்.