எறும்புக்கு மூன்றாவது வழி உண்டா?

ஒரு பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். “தொழிலா, சூழலா?” என்பது தலைப்பு. தொழிலின் பக்கம் பேசிய மாணவர் சொன்னார்: “தோல் தொழிற்சாலைகளை மூடிவிட்டால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினி கிடக்கும். ஆகவே ஆறு மாசடைவதை நாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.” பலத்த கைதட்டல். அடுத்து வந்த மாணவி சொன்னார்: “ஆறு செத்துவிட்டால் விவசாயம் இல்லை, குடிநீர் இல்லை. ஆகவே தொழிற்சாலைகளை மூடத்தான் வேண்டும்.” அதற்கும் அதே கைதட்டல்.

இருவருமே நன்றாகப் பேசினார்கள். இருவரும் சொன்ன தீமைகளும் உண்மையே. ஆனால் இருவரும் ஒரே தவற்றைச் செய்தார்கள். எதிர்த்தரப்பு தவறு என்று காட்டிவிட்டு, அதனாலேயே தன் தரப்பு சரி என்று முடித்துவிட்டார்கள். இரண்டு வழிகள்தாம் உண்டு என்பதை மட்டும் இருவரும் நிறுவவே இல்லை.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று நம் மொழியில் ஒரு வழக்கு உண்டு. குச்சியின் இரு முனையிலும் நெருப்பு, நடுவில் எறும்பு. எந்தப் பக்கம் போனாலும் சாவுதான் என்போம். ஆனால் எறும்பு குச்சியின் ஓரத்திலிருந்து கீழே விழலாமே! அந்த எண்ணம் நமக்கு ஏன் எளிதில் வருவதில்லை? பேச்சுப் போட்டி மேடையில் மட்டுமன்று, இயற்பியல் ஆய்வுக்கூடத்திலேயே இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது. அந்த வரலாற்றை முதலில் பார்ப்போம்.

துகளா, அலையா?

ஒளி என்பது என்ன? நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்பது நியூட்டனின் கருத்து. ஒருவகை அலை என்பது ஹைகென்ஸின் கருத்து. காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளிக்கதிர் குத்துக்கோட்டை நோக்கி வளைகிறது என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். இரு கொள்கைகளும் இதற்கு விளக்கம் தந்தன. ஆனால் விளக்கங்கள் நேர் எதிரானவை.

துகள் கொள்கைப்படி, நீரின் பரப்பு ஒளித்துகளைத் தன்னை நோக்கி இழுக்கிறது. பரப்புக்கு இணையான வேகம் மாறுவதில்லை; குத்தான வேகம் மட்டும் கூடுகிறது. ஆகவே துகள் குத்துக்கோட்டின் பக்கம் திரும்புகிறது. அப்படியானால் நீரில் ஒளியின் வேகம் காற்றில் உள்ளதைவிட அதிகமாக இருக்க வேண்டும். அலைக் கொள்கைப்படியோ, நீரில் அலை மெதுவாகச் செல்வதாலேயே அதன் முகப்பு திரும்புகிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 4/3. காற்றில் ஒளியின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். எனவே துகள் கொள்கை உண்மையானால் நீரில் 4 லட்சம். அலைக் கொள்கை உண்மையானால் 2.25 லட்சம்.

இதைவிடத் தெளிவான போட்டி வேறு எங்கே கிடைக்கும்? வேகத்தை ஒப்பிட்டால் போதும், வழக்கு முடிந்துவிடும் என்று தோன்றியது. 1838இல் அராகோ என்ற பிரெஞ்சு அறிஞர் அதற்கு ஒரு வழி சொன்னார். 1850இல் ஃபூக்கோ அதைச் செய்து காட்டினார். மிக வேகமாகச் சுழலும் சிறு ஆடியில் ஒளியைப் பட்டுத் தெறிக்கச் செய்து, தொலைவில் அசையாமல் நிற்கும் ஆடிக்கு அனுப்பினார். ஒளி அங்கே போய்த் திரும்பி வருவதற்குள் சுழலும் ஆடி சிறிது திரும்பிவிடும். ஆகவே பிம்பம் தன் இடத்திலிருந்து சற்று விலகித் தெரியும். பயண நேரம் கூடினால் விலகலும் கூடும். ஒரு பாதை காற்றின் வழியாகவும், மற்றொரு பாதை நீர் நிரம்பிய குழாயின் வழியாகவும் அமைந்திருந்தன. நீர் வழியாக வந்த பிம்பமே அதிகமாக விலகி நின்றது. நீரில் ஒளி மெதுவாகத்தான் செல்கிறது!

தீர்ப்பில் ஒரு ஓட்டை

இதிலிருந்து அக்காலத்தவர் செய்த வாதத்தை மூன்று வரிகளில் எழுதலாம்.

ஒளி துகளாக இருக்க வேண்டும் அல்லது அலையாக இருக்க வேண்டும்.
துகள் அன்று என்று சோதனை காட்டிவிட்டது.
ஆகவே ஒளி அலையே.

இரண்டாம் வரிக்குச் சோதனை இருக்கிறது. மூன்றாம் வரி முதல் இரண்டிலிருந்து பிழையின்றி வருகிறது. முதல் வரிக்கு மட்டும் என்ன ஆதாரம்? ஒன்றுமில்லை. அன்று இருந்த கொள்கைகள் இரண்டு, அவ்வளவுதான். இருக்கக்கூடிய கொள்கைகளே இரண்டுதான் என்பதை எந்தச் சோதனையும் காட்டவில்லை.

இந்த ஓட்டையை எடுத்துக்காட்டியவர் பியேர் துயெம் என்ற பிரெஞ்சு இயற்பியலார். 1906இல் வெளிவந்த நூலில், ஃபூக்கோவின் இதே சோதனையை அவர் ஆராய்ந்தார். வடிவியலில் ஒரு கூற்று பொய் என்று காட்டினால் அதன் மறுப்பு மெய் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே இடமில்லை. ஆனால் இயற்பியலில் இரு கருதுகோள்கள் ஒன்றுக்கொன்று மறுப்பாக இருப்பதில்லை. மூன்றாவதாக ஒன்று எங்கோ காத்திருக்கலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். ஃபூக்கோ வீழ்த்தியது என்ன என்பதையும் அவர் கூர்ந்து பார்த்தார். துகள் என்ற ஒரே கருத்தையா? இல்லை. துகள் என்பதோடு, நீரின் பரப்பு துகளை இழுத்து விரைவுபடுத்துகிறது என்பது போன்ற கருதுகோள்கள் சேர்ந்த ஒரு கட்டு அது. கட்டு அவிழ்ந்தது, அதிலுள்ள எந்தக் குச்சி முறிந்தது என்பது தெரியாது.

மூன்றாவது வழி உண்மையிலேயே வந்தது. சில உலோகங்களின் மேல் சிவப்பு ஒளியை எவ்வளவு வலுவாகப் பாய்ச்சினாலும் எலக்ட்ரான் வெளியே வருவதில்லை; மங்கலான ஊதா ஒளி பட்டாலே வருகிறது. இது ஒளிமின் விளைவு. அலை மட்டுமே என்றால் இதை விளக்க முடியாது. 1905இல் ஐன்ஸ்டைன், ஒளி தனித்தனி ஆற்றல் பொட்டலங்களாக உள்ளது என்று கொண்டு இதை விளக்கினார். இப்பொட்டலம் நியூட்டனின் துகள் அன்று; ஹைகென்ஸின் அலையும் அன்று. குறுக்கீட்டில் அலைபோலவும் எலக்ட்ரானை வெளியேற்றும்போது துகள்போலவும் நடந்துகொள்கிறது. இதனால் ஃபூக்கோவின் அளவீடு பொய்யாகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். நீரில் ஒளி மெதுவாகச் செல்வது இன்றும் உண்மை. பிழை, ‘அல்லது’ என்ற அந்த ஒரு சொல்லில் இருந்தது.

‘அல்ல’ என்னும் சோதனை

அப்படியானால் எந்த ‘அல்லது’ நம்பத்தக்கது, எது நம்பத்தகாதது? எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டாம் வழியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் முதல் வழியோடு ‘அல்ல’ என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

“ஒரு முழு எண் இரட்டை எண் அல்லது ஒற்றை எண்.” மாற்றி எழுதினால், “இரட்டை எண் அல்லது இரட்டை எண் அல்ல” என்றாகும். பொருள் சிறிதும் மாறவில்லை. இரட்டை அல்லாத முழு எண்கள் எல்லாம் ஒற்றை எண்களே. இந்த ‘அல்லது’ உறுதியானது. ஒன்றை மறுத்தால் மற்றது நிலைபெறும்.

“ஒளி அலை அல்லது துகள்.” மாற்றி எழுதினால், “அலை அல்லது அலை அல்ல.” இப்போது பொருள் விரிந்துவிட்டது. ‘அலை அல்ல’ என்பது ஒரு பெரிய அறை. ‘துகள்’ அதன் ஒரு மூலை மட்டுமே. அறை முழுவதையும் தேடாமல் மூலையை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் பொய்யான இருவழி.

அறையில் எதைத் தேடுவது? மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து இருக்க முடியுமா? இரண்டும் இல்லாமல் வேறொன்று இருக்க முடியுமா? வாதத்தில் சொல்லப்படாத ஒரு நிபந்தனையை மாற்றினால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வியே பெரும்பாலும் பயன் தரும். ஃபூக்கோவின் வழக்கிலும் மறைந்திருந்த நிபந்தனைதானே சிக்கலாயிற்று?

மீண்டும் மேடைக்கு வருவோம்

பேச்சுப் போட்டியின் தலைப்பை இப்போது சோதிப்போம். “தொழிற்சாலையை மூட வேண்டும் அல்லது ஆறு மாசடைய வேண்டும்.” ‘மூட வேண்டும் அல்லது மூட வேண்டியதில்லை’ என்று மாற்றுங்கள். மூடாமல் இருப்பதும் ஆறு மாசடைவதும் ஒன்றா? கழிவுநீர் இன்றுள்ளபடியே ஆற்றுக்குப் போகும் என்ற நிபந்தனை உள்ளே ஒளிந்திருந்தால் மட்டுமே ஒன்று. இரு பேச்சாளர்களும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இருவரும் அதன் மேல்தான் நின்றார்கள்.

இந்த வழக்கு கற்பனையன்று. பாலாற்றுப் பகுதியின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றி 1991இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. வளர்ச்சியும் சூழலும் ஒன்றுக்கொன்று பகை என்ற பழைய கருத்தை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தையோ, தனி ஏற்பாட்டையோ குறித்த நாளுக்குள் அமைக்க வேண்டும். அமைக்காதவை மூடப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மேடையில் எவரும் சொல்லாத நிபந்தனையைத்தான் நீதிமன்றம் தொட்டது.

ஆனால் இத்துடன் நிறுத்திவிட்டால் நாமும் அரைகுறையாகத்தான் வாதிட்டவர் ஆவோம். மூன்றாவது வழி என்று பெயர் சொன்னால் போதாது. அதுவும் சோதனைக்கு உட்பட வேண்டும். தோல் கழிவில் உள்ள குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படிய வைக்கலாம். அழுகும் பொருள்களைக் காற்றூட்டி, பாக்டீரியாக்களைக் கொண்டு சிதைக்கலாம். கரைந்துள்ள உப்போ இவற்றால் போவதில்லை. அதைப் பிரிக்க, மிகுந்த அழுத்தத்தில் நீரை மெல்லிய சவ்வின் வழியே செலுத்த வேண்டும். அதற்கு மின்சாரமும் பணமும் வேண்டும். இறுதியில் மிஞ்சும் உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் எழும். ஒரு பேச்சாளர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, ‘இவ்வளவு செலவு இங்கே தாங்காது, ஆகவே மூடுவதே வழி’ என்று முடித்திருந்தால், அவருக்கு நான் முதற்பரிசே கொடுத்திருப்பேன். அவர் மூன்றாவது வழியைப் பார்த்து, ஆராய்ந்து, விலக்கியவர் ஆகிறார். பார்க்காமல் விட்டவருக்கும் அவருக்கும் வேறுபாடு உண்டு.

உங்கள் கட்டுரையில் இந்தப் பிழை இருக்கிறதா என்று அறிய ஓர் அடையாளம் சொல்கிறேன். ஒரு பத்தி முழுவதும் எதிர்க்கருத்தின் குறைகளையே பேசிவிட்டு, கடைசி வாக்கியத்தில் ‘ஆகவே’ என்று உங்கள் கருத்துக்குத் தாவியிருக்கிறதா? உங்கள் கருத்துக்கென்று தனியாக ஒரு சான்றும் அப்பத்தியில் இல்லையா? அங்கே பேனாவை நிறுத்துங்கள். ‘வேறு வழியில்லை’ என்ற சொற்கள் வரும் இடத்திலும் அப்படியே.

பின்வரும் மூன்றையும் ‘அல்ல’ சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள்.

1. இந்த மின்சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது அல்லது பாயவில்லை.
2. கணக்கில் மதிப்பெண் குறைந்த மாணவன் சோம்பேறியாக இருக்க வேண்டும் அல்லது அறிவு குறைந்தவனாக இருக்க வேண்டும்.
3. ஒருவரின் உயரத்தைத் தீர்மானிப்பது பெற்றோரிடமிருந்து வந்த மரபு அல்லது உண்ணும் உணவு.

ஒன்றில் மட்டும் எறும்புக்கு வழியே இல்லை. ஒன்றில் இரு முனைகளும் சேர்ந்தே உண்மை. மற்றொன்றில் இரு முனைகளும் பொய்யாகவே இருக்கக்கூடும். எது எது என்று கண்டுபிடியுங்கள்.