மாடு வேண்டாம் என்று எப்படி எழுதுவது?

1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் புதிய கம்பெனி நெக்ஸ்ட்டுக்கு லோகோ கேட்டு பால் ராண்டிடம் போனார். ஐபிஎம்முக்கு லோகோ வரைந்தவர் ராண்ட். இரண்டு மூன்று மாதிரி காட்ட முடியுமா என்று கேட்டதற்கு, முடியாது, ஒன்றுதான் தருவேன் என்றார் அவர். கூலி ஒரு லட்சம் டாலர். லோகோவோடு ஒரு சிறு புத்தகத்தையும் கொடுத்தார். நான்கே எழுத்துள்ள அந்தப் பெயரை ஏன் அப்படி வரைந்தார் என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்லும் புத்தகம்.

நம் ஊரில் ராண்ட் மாதிரிப் பேசினால் வேலை கிடைக்காது. கொட்டேஷனிலேயே ‘மூன்று மாதிரி’ என்று இருக்கும். வரைந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘எது பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க’ என்று கேட்பதுதான் வழக்கம். அன்று சாயங்காலமே படங்கள் குடும்ப குரூப்புக்குப் போய்விடும். மாப்பிள்ளைக்கு ஒன்று பிடிக்கும், பேத்திக்கு இன்னொன்று. மறுநாள் வரும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘முதல் படத்துல இருக்கற மாட்டை எடுத்து ரெண்டாவதுல வெச்சுக் காட்டுங்க.’

கேட்பவர் மேல் குற்றமில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிடித்ததைத்தான் சொல்வார்கள். மூன்று படங்களோடு ஒரு பக்கக் குறிப்பும் போனால் பேச்சு வேறு திசைக்குப் போகும். அந்தக் குறிப்பை எப்படி எழுதுவது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு ஆலை. இதுவரை கேனில் அளந்து ஊற்றி விற்றவர்கள், இனி ஒரு லிட்டர் பவுச்சிலும் 15 கிலோ டின்னிலும் கடைகளுக்கு அனுப்பப் போகிறார்கள். எண்ணெய்க்கு முதலாளியின் பாட்டி பெயர். அதன் நடுவில் ஒரு மூன்றுசுழி ‘ண’ இருக்கிறது. முதல் மாதிரியில் வட்டத்துக்குள் செக்கு, அதைச் சுற்றும் மாடு, பின்னால் ஒரு தென்னை. இரண்டாவதில் படமே இல்லை. பெயரை மட்டும் தடித்த தமிழ் எழுத்தில் வரைந்து, ‘ண’வின் நடுச்சுழியை எண்ணெய்ச் சொட்டாக மாற்றியிருக்கிறது. மூன்றாவது, இரண்டு ஆங்கில முதலெழுத்துகளைப் பின்னி, தங்க நிறத்தில் மினுமினுப்பு ஏற்றியது. முதலாளிக்கு மாடுதான் பிடிக்கும் என்பது டிசைனருக்கு முன்பே தெரியும்.

குறிப்பின் தொடக்கத்தில் லோகோவைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக்கூடாது. அது எங்கெல்லாம் இருக்கப்போகிறது என்பதுதான் முதலில் வரவேண்டும்: பவுச், டின், பாட்டில் மூடி, பில்லின் தலைப்பு, வாட்ஸ்அப் டிபி, கடைப் பலகை. இதை முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ‘அழகாக இருக்கிறதா’ என்ற கேள்வியின் இடத்தில் ‘மூடியில் தெரியுமா’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. இதற்கு விடை சொல்ல மாப்பிள்ளையின் ரசனை தேவையில்லை, ஒரு பிரிண்ட் அவுட் போதும்.

அடுத்து மாடு. குறிப்பில் இப்படி எழுதலாம்:

“ஐயா, முதல் மாதிரி பார்த்த உடனே செக்கு எண்ணெய் என்று சொல்லிவிடுகிறது. அது அதன் பலம். ஆனால் உங்கள் எண்ணெய் போகும் கடையின் அலமாரியைப் படம் எடுத்து, அதே அளவில் இந்தப் பவுச்சையும் நடுவில் வைத்து இரண்டாம் பக்கத்தில் காட்டியிருக்கிறேன். பக்கத்திலும் செக்கு, அதற்குப் பக்கத்திலும் செக்கு. ஒருமுறை வாங்கியவர் மறுமுறை உங்களுடையதைத்தான் எடுப்பார் என்பதற்கு இந்தப் படம் உதவாது. இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் மாட்டின் கால்களும் செக்கின் தடியும் ஒரே கோடாகிவிடுகின்றன. நம் செக்கு மோட்டாரில் ஓடுகிறது. ஆலைக்கு வருகிறவர் மாடு எங்கே என்று கேட்பார்.”

கடைசி வரியைச் சொல்லத் தயங்குவார்கள். சொல்லத்தான் வேண்டும். பொய்யான படத்தை வரைந்துகொடுத்த பொறுப்பு டிசைனருக்கும் உண்டு.

சட்டத்தின் பக்கமும் இதே மாதிரிதான். சமையல் எண்ணெய்க்கான டிரேட்மார்க் 29ஆம் வகுப்பில் பதிவாகும். பொருளின் வகையையும் தன்மையையும் மட்டுமே சொல்லும் அடையாளத்தை 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு பொதுவாக ஏற்பதில்லை. பெயரோடு சேர்த்துப் பதிவு கிடைத்தாலும், எல்லாரும் பயன்படுத்தும் செக்குப் படத்தை இன்னொருவர் போடுவதைத் தடுப்பது கடினம். குறிப்பு எழுதும் முன்பே பதிவகத்தின் இணையத் தேடலில் மூன்று மாதிரிகளையும், முக்கியமாகப் பெயரை, ஒத்துப் பார்த்துவிடுவது நல்லது. முதலாளிக்கு ஒன்று பிடித்துப்போன பிறகு அது இன்னொருவருடையது என்று சொல்ல நேர்வது கொடுமை.

மூன்றாவது மாதிரியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சின்ன அளவிலும் தெளிவாக நிற்கிறது, அதை மறைக்காமல் எழுதவேண்டும். ஆனால் நகைக்கடைக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் அதே லோகோ பொருந்தும். தங்க மினுமினுப்பு கம்ப்யூட்டர் திரையில் மட்டுமே அப்படி இருக்கும். பவுச் அச்சில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிச் செலவு. ஒரே கலரில் அடிக்கும்போது அந்த மினுமினுப்பு வெறும் பழுப்பாகிவிடும். இதற்காகவே மூன்று மாதிரிகளையும் முதலில் கறுப்பு வெள்ளையில் காட்டவேண்டும். கலர் பிறகு வரட்டும்.

பரிந்துரை இரண்டாவதுக்கு. அதற்கான காரணங்கள் முதல் பக்கத்தில் ஒப்புக்கொண்ட பட்டியலிலிருந்தே வரவேண்டும், புதிதாக எதுவும் முளைக்கக்கூடாது. பெயரே லோகோ என்பதால் கடையில் கேட்டு வாங்குவது எளிது. ஒரே கலரில் முடிவதால் டின்னிலும் பில்லிலும் மாறாது. சொட்டோடு இருக்கும் ‘ண’வைத் தனியாக எடுத்து மூடிக்கும் டிபிக்கும் வைக்கலாம்.

இதன் குறையையும் டிசைனரே எழுதிவிட வேண்டும், முதலாளி கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. தமிழ் எழுத்தின் சுழிகள் சிறிதாகும்போது மை பரவி அடைத்துக்கொள்ளும். மூன்றுசுழி ‘ண’ இரண்டுசுழி ‘ன’ மாதிரி ஆகிவிடும், பாட்டி பெயர் வேறு பெயராகிவிடும். எனவே சின்ன அளவுக்கென்று சுழிகளை அகலமாகத் திறந்து, கோட்டை மெலிதாக்கி இன்னொரு வடிவம் வரைந்து இணைத்திருப்பதாகச் சொல்லவேண்டும். பாலக்காட்டைத் தாண்டி விற்கப்போனால் பெயரைப் படிக்க முடியாது. அங்கே கீழே ஆங்கிலத்தில் ஒரு சிறு வரி தேவைப்படும். அடுத்த வருடமே விற்பனையில் பாதி வெளிமாநிலம் என்ற திட்டம் இருந்தால் பரிந்துரையே மாறும் என்பதையும் ஒளிக்காமல் எழுதலாம். ‘இது எல்லாவற்றிலும் சிறந்தது’ என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

மாட்டை இரண்டாவதில் ஒட்டச் சொல்லும் கோரிக்கைக்கும் இங்கேயே விடை வைத்துவிடலாம். ஒவ்வொரு மாதிரியும் வாங்குபவர் எதைப் பார்த்து நினைவு வைப்பார் என்ற கேள்விக்கு ஒரு விடை: படமா, பெயரா, முதலெழுத்தா. இரண்டு விடைகளை ஒன்றாக ஒட்டினால் மூடி அளவில் இரண்டுமே தெரியாது. மாட்டின் மேல் முதலாளிக்கு அவ்வளவு ஆசை என்றால், அதைப் பவுச்சின் பின்பக்கத்தில் பாட்டி காலத்துக் கதையோடு பெரிதாக, அழகாக வரைந்துகொடுக்கலாம். அங்கே அது பொய்யாகாது.

கடைசிப் பத்தியில் கேட்கவேண்டியது ஒன்றே: இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாமா, இல்லையென்றால் முதல் பக்கப் பட்டியலில் எந்த இடத்தில் அது சரிவரவில்லை? பதிலுக்கு ஒரு தேதியும், முடிவெடுப்பவர் யார் என்பதும் எழுதியிருக்கவேண்டும். உரிமையைப் பற்றி ஒரு வரியும் வேண்டும். காசு கொடுத்து வரையச் சொன்னதாலேயே லோகோவின் காப்புரிமை முதலாளிக்கு வந்துவிடாது, டிசைனர் எழுத்தில் மாற்றித் தரவேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அந்தத் தாளில் இல்லாவிட்டால் இந்தியச் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். பவுச் சிலிண்டர் போட ஆர்டர் கொடுக்கும் முன் அந்தத் தாளைக் கையெழுத்தோடு வாங்கிவிடச் சொல்லி டிசைனரே எழுதுவது அபூர்வம், ஆனால் எழுதலாம்.