ஆப்பிள் துருப்பிடிக்குமா?

ஐந்தாம் வகுப்பு படிக்கும் கதிர், பள்ளிவிட்டு வந்ததும் டிபன் டப்பாவைத் திறந்து பாட்டியிடம் நீட்டினான். காலையில் வெள்ளை வெளேரென்று வைத்த ஆப்பிள் துண்டுகள் பழுப்பேறிக் கிடந்தன. ஒன்றைக்கூட அவன் தொடவில்லை.

"ஆப்பிள்ல இரும்புச்சத்து இருக்கு பாட்டி. காத்துப் பட்டா துருப்பிடிச்சிடுமாம். கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க."

விடுமுறைக்கு வந்திருந்த அத்தை ஓர் அறிவியல் ஆசிரியை. "சொன்னாப் போதுமா? வா, பார்த்துடலாம்" என்று அடுப்படிக்கு அழைத்துப் போனார்.

முதலில் இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டார். ஒரே ஆப்பிளிலிருந்து ஒரே கனத்தில் மூன்று துண்டுகள் நறுக்கினார். ஒன்றை அப்படியே தட்டில் வைத்தார். இன்னொன்றில் எலுமிச்சைச் சாற்றை எல்லாப் பக்கமும் தடவினார். மூன்றாவதை உடனே இட்லித் தட்டில் வைத்து மூடி, ஐந்து நிமிடம் ஆவியில் வேகவிட்டு எடுத்தார்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், சும்மா வைத்த துண்டு பழுப்பேறியிருந்தது. எலுமிச்சை தடவியது வெள்ளையாகவே இருந்தது. வெந்த துண்டு குழைந்து லேசாக மஞ்சளித்திருந்ததே தவிர, பழுப்பு ஏறவில்லை.

"ஆவியில வெந்தா இரும்பு போயிடுமா கதிர்?" என்று கேட்டார் அத்தை.

"போகாது."

"காத்தும் பட்டுக்கிட்டுத்தான் இருக்கு. அப்புறம் ஏன் துருப்பிடிக்கலை?"

கதிர் யோசித்தான். "அப்போ அது துரு இல்லை. சூட்டுல கெட்டுப்போற வேற ஏதோ ஒண்ணு இந்த வேலையைச் செய்யுது."

அந்த வேறொன்று ஒரு நொதி. பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்பது அதன் பெயர். 100 கிராம் ஆப்பிளில் இருக்கும் இரும்பு சுமார் 0.1 மில்லிகிராம்தான். பழுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த நொதிக்குள் ஓர் உலோகம் இருப்பது உண்மை. ஆனால் அது இரும்பல்ல, செம்பு.

பழத்தின் ஒவ்வொரு செல்லும் பல அறைகள் கொண்ட வீடு மாதிரி. பீனால் என்னும் பொருள்கள் ஓர் அறையிலும், நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர, நொதி பீனாலை குயினோன் என்ற பொருளாக மாற்றுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறமிகளாகின்றன. செடிக்கு இதனால் லாபம் உண்டு. பூச்சி கடித்த இடத்தில் கிருமிகள் பரவாமல் தடுக்க குயினோன்கள் உதவுகின்றன.

சூடு நொதியைச் செயலிழக்க வைத்துவிடும். எலுமிச்சை இரண்டு விதத்தில் வேலை செய்கிறது. அதன் புளிப்பு நொதியை மந்தப்படுத்துகிறது, அதிலுள்ள வைட்டமின் சி குயினோனைத் திரும்பவும் பீனாலாக்கிவிடுகிறது. ஆனால் அந்த வேலையிலேயே வைட்டமின் சி செலவாகிவிடும். அதனால் எலுமிச்சை பழுப்பைத் தள்ளிப்போடுமே தவிர, ஒரேயடியாக நிறுத்தாது.

"அப்போ வாழைப்பழத்துக்கும் இதே கதையா?" என்றான் கதிர்.

நறுக்கினால் இதே கதைதான். ஆனால் வாழைப்பழத்தை நறுக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தாலே தோல் கறுத்துவிடும். வெப்பநாட்டுப் பயிரான வாழைக்குச் சுமார் 13 டிகிரிக்குக் கீழே குளிர் தாங்காது. கத்தி செய்த வேலையைக் குளிர் செய்கிறது: தோலின் செல்களுக்குள் இருக்கும் சுவர்கள் பழுதாகி, பீனாலும் நொதியும் சந்தித்துவிடுகின்றன. உரித்துப் பார்த்தால் உள்ளே பழம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காயாக வைத்தால்தான் நஷ்டம். குளிர்பட்ட காய் பிறகு சரியாகப் பழுக்காது.

பழுப்பு வேறு, அழுகல் வேறு. பழுத்த ஆப்பிள் துண்டில் பழுப்பு மேற்பரப்பில் மட்டும் இருந்து, கெட்ட வாடை இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். கொழகொழத்து, புளித்த நாற்றமோ பூஞ்சையோ தெரிந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

டப்பாவிலிருந்த துண்டொன்றை முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்ட கதிர், வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்த பாட்டி பக்கம் திரும்பினான். நறுக்க நறுக்க அவர் அதை மோர் கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கறுக்கக் கூடாதுன்னுதான போடுறீங்க பாட்டி?"

"ஆமாடா. மோர்ல போட்டா கறுக்காது. எங்கம்மா காலத்துல இருந்தே இப்படித்தான்."

"தண்ணிக்குள்ள மூழ்கிக் கிடந்தா காத்து அவ்வளவா படாது. மோரோட புளிப்பு நொதியை மந்தமாக்கிடும். சரிதான அத்தை?"

"ரொம்பச் சரி" என்றார் அத்தை.