இலைக்கு எவ்வளவு?

கல்யாணச் சமையல் பேச உட்காருகிற வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான். சொல்லப்படும் விலையில் அரிசி, பருப்பு, காய்கறிக்குப் போவது பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. மீதி எங்கே போகிறது?

ஒரு முகூர்த்தச் சாப்பாடு, 500 இலை என்று வைத்துக்கொள்வோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

முதலில் சாமான். இங்கே சந்தை விலையை அப்படியே எழுதினால் ஏமாற்றம்தான். வாழைத்தண்டில் மேல்மட்டையும் நாரும் போனால் சட்டிக்கு வருவது ஏறக்குறையப் பாதி. கிலோ 30 ரூபாய்க்கு வாங்கினாலும் கூட்டில் அதன் விலை 60. இந்தக் கழிவையும் சேர்த்து இலைக்கு 150 ரூபாய் என்றால், 500 இலைக்கு 75,000.

சமைத்தபின் மிஞ்சுவது இன்னொரு சேதாரம். கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனால் கல்யாண வீட்டுக்கே தலைகுனிவு. அதனால் பத்து சதவீதம் கூடுதலாகவே சமைப்பார்கள். சமையல் ஆட்கள், மேளக்காரர்கள், வண்டி ஓட்டுநர் சாப்பாடும் இதில்தான் அடங்கும். அதற்கு 7,500.

அடுத்து கூலி. மாஸ்டர், உதவியாட்கள், காய் நறுக்குவோர், பரிமாறுவோர், பாத்திரம் கழுவுவோர் எல்லாருக்குமாக 28,000. பாத்திரமும் சாமானும் ஏற்றிப்போய்த் திரும்பும் டெம்போ, ஏற்று இறக்குக் கூலி 8,000. கேஸ், பாத்திர வாடகை இன்னொரு 8,000.

மொத்தம் 1,26,500. இலைக்கு 253 ரூபாய் அடக்கம். சுமார் 15 சதவீத லாபம் வைத்தால் விலை 290.

இப்போது கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வீட்டார், "350 பேர்தான் வருவாங்க, அதே விலைக்குச் செஞ்சுடுங்க" என்கிறார்கள். சாமான் செலவு 57,750 ஆகக் குறையும். கூலி அந்த அளவுக்குக் குறையாது. பரிமாறுவோர் எண்ணிக்கை மொத்த விருந்தினரைப் பொறுத்ததல்ல, ஒரு பந்தியில் எத்தனை இலை போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 200 இலைப் பந்திக்கு அதே ஆட்கள் நிற்க வேண்டும். டெம்போவும் அதே டெம்போதான். கூலி, வண்டி, கேஸ் சேர்ந்த 44,000 ரூபாய், 500 இலையில் இலைக்கு 88 ரூபாயாக விழுந்தது. 350 இலையில் அதுவே ஏறத்தாழ 126. அடக்கம் 290-ஐத் தாண்டிவிடுகிறது, லாபம் முழுதும் போயிற்று.

இதனால்தான் அனுபவமுள்ள காண்ட்ராக்டர்கள் "குறைந்தது இத்தனை இலைக்குப் பணம்" என்று முதலிலேயே எழுதி வாங்குகிறார்கள். அது பேராசை அல்ல, நியாயமான நிபந்தனை. வீட்டாரும் சில விஷயங்களை அதே தாளில் எழுதிக் கேட்கலாம்: எண்ணிக்கையை மாற்றக் கடைசி நாள் எது, கிழிந்த இலையும் கணக்கில் வருமா, வண்டி வாடகை விலைக்குள்ளா வெளியிலா. இலைக்கட்டுகளைப் பந்திக்கு முன்னும் பின்னும் இரு தரப்பும் சேர்ந்து எண்ணினால், பணம் கொடுக்கும் நேரத்தில் தகராறு வராது.