பழைய பார்லருக்குப் புதுப் பெயர்

சிறு நகரங்களில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வீட்டின் முன்னறையில் தொடங்கிய பெண்கள் பார்லர்கள் பல, இப்போது மகள் கைக்கோ மருமகள் கைக்கோ வருகின்றன. வந்ததும் பெயரும் தோற்றமும் மாறுகின்றன. கல்லூரிப் பெண்கள் புதிதாக வரத் தொடங்குவார்கள். மாதந்தோறும் புருவம் திருத்தவும் நரைக்குச் சாயம் போடவும் வந்த ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். போர்டு மாறியதால் மட்டும் அவர்கள் போவதில்லை. பழகிய கையும், கூச்சமில்லாமல் உட்கார்ந்த இடமும் சேர்ந்து மாறிவிடுவதால் போகிறார்கள்.

'செல்வி பியூட்டி பார்லர்' என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர் வழக்கில் அது 'செல்வியக்கா கடை'. அந்தப் பெயரை முழுக்க அழித்துவிட்டு வாயில் நுழையாத பெயரொன்றை வைத்தால், பழையவர்களுக்கு ஆட்டோக்காரரிடம் இடம் சொல்லக்கூட வழியில்லை. புதுப் பெயருக்குள்ளேயே 'செல்வி' இருந்தால் நல்லது. இல்லையென்றால் போர்டின் கீழ் 'முன்பு செல்வி பியூட்டி பார்லர்' என்ற வரி ஓராண்டாவது இருக்க வேண்டும். தொலைபேசி எண் மாறவே கூடாது. கூகுள் மேப்பில் புதிதாகப் பதிவு தொடங்காமல், பழைய பதிவிலேயே பெயரைத் திருத்துவது நல்லது. ஏற்கெனவே சேர்ந்த மதிப்புரைகள் அப்போதுதான் கூடவே வரும். தமிழ்நாட்டில் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்பது விகிதம். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, பெயர் மாறிய 15 நாட்களுக்குள் திருத்த விண்ணப்பம் தர வேண்டும்.

சீரமைப்புக்கு ஏற்ற மாதம் ஆடி. கல்யாணங்கள் இல்லாததால் மணப்பெண் அலங்கார வேலை குறைவு. ஆவணி முகூர்த்தங்களுக்குள் கடை தயாராகிவிடும். ஆனால் கடையை மாதம் முழுவதும் பூட்டுவது தவறு. நரைக்குச் சாயம் போடுபவர் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். பூட்டிய கடை அவரை ஒருமுறையாவது வேறு கடைக்கு அனுப்பிவிடும். பாதிக் கடையில் வேலை நடக்க, மறுபாதியில் ஒரு நாற்காலியாவது இயங்கட்டும்.

உள் அலங்காரத்தில்தான் பெரிய இழப்புகள் நேர்கின்றன. தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும் கண்ணாடி முகப்பு இளையவர்களுக்குப் பிடிக்கலாம். முகத்தில் பிளீச்சோடு உட்கார்ந்திருக்கும் மூத்த பெண்ணுக்கு அது கூச்சம். கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மங்கல் ஒட்டுத்தாள் ஒட்டினால் போதும். ஆண்களுக்கும் சேர்த்துக் கடை நடத்துவதென்றால் தனி வாசலோ, குறைந்தது தனி அறையோ தேவை. அதற்கு இடமில்லாத கடை பெண்களுக்கு மட்டுமே என்று இருப்பதே மேல். தாழ்வான சோபாவிலிருந்து முழங்கால் வலிக்காரர் எழ முடியாது. கைப்பிடி வைத்த, சுமார் 18 அங்குல உயர நாற்காலிகள் வேண்டும்.

கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை அலசும் பேசின் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். 1993இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப், இப்படித் தலை அலசியபின் பக்கவாத அறிகுறிகள் ஏற்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். கழுத்து அதிகம் வளைவதால் மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் பாதிக்கப்படலாம் என்பது காரணம். இது அரிது; ஆனாலும் வயதானவருக்குக் கழுத்தடியில் மடித்த துண்டு வைத்து, சாய்மானத்தைக் குறைத்து, சீக்கிரம் முடிக்க வேண்டும். கழுத்து வலியோ தலைச்சுற்றலோ உள்ளவருக்கு முன்னால் குனிந்து அலசும் பழைய முறையையும் வைத்திருக்க வேண்டும்.

புதுத் தோற்றத்தோடு சாய பிராண்டும் மாறுவது வழக்கம். ஒரு பிராண்டின் 3ஆம் எண் கரும்பழுப்பு, இன்னொன்றில் அதே எண்ணில் சற்றுச் சிவந்தோ மிகக் கறுத்தோ விழலாம். எனவே ஒவ்வொருவருக்கும் போட்ட எண், கலந்த டெவலப்பரின் வலு, ஊறவிட்ட நேரம் ஆகியவற்றைப் பழைய பிராண்டு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். புதியதை முழுத் தலைக்கும் போடுமுன் காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்ப்பது அவசியம். பல ஆண்டுகள் சாயம் போட்டுப் பழகியவருக்கும் ஒவ்வாமை திடீரென வரலாம்.

கட்டண உயர்வைப் புதுப் பெயரோடு சேர்க்கக் கூடாது. புருவத்துக்கும் சாயத்துக்கும் பழைய கட்டணம் சில மாதம் நீடித்தால், 'இனி இது பணக்காரர் கடை' என்ற எண்ணம் எழாது.

பலன் தெரிவது அப்பாயின்ட்மென்ட் நோட்டில். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வந்தவர் பத்து வாரமாக வரவில்லையென்றால் போய்விட்டார் என்றே கொள்ள வேண்டும். அவரைப் பழைய உரிமையாளரே போனில் கூப்பிட வேண்டும், குறுஞ்செய்தி போதாது. பெரியவரும் வாரத்தில் இரண்டு நாளாவது கடையில் இருந்து, அந்த நாட்களில் பழையவர்களுக்குத் தாமே புருவம் திருத்தினால், அவர்களில் பலர் திரும்பி வருவார்கள். மூத்த பெண்மணி நின்றுவிட்டால், அவர் வீட்டுக் கல்யாண அலங்காரமும் வேறு கடைக்குத்தான் போகும்.